பத்தில் ஒன்றாக எண்ணும் மடக்குகள்: கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரி முதலாண்டிலும் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



எண்கணிப்பு மென்பொருள் எழுதுவதும் பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பதும் என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒரு பிழையின் வேர் உங்கள் லேபில் இருக்கிறது. அதைக் களையவும் உங்களால்தான் முடியும். ஆகவே இந்த மடல்.

பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று மடக்குகளை நீங்கள் இரண்டு முறை நடத்துகிறீர்கள். எந்த ஆண்டாக இருந்தாலும் யாராவது ஒரு மாணவர், 0-விலிருந்து 1 வரை 0.1 இடைவெளியில் மதிப்புகளை அச்சிட இப்படி எழுதுவார்:

```python
x = 0.0
while x != 1.0:
    print(x)
    x = x + 0.1
```

திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மாணவர் பதறுவார். நீங்கள் வந்து Ctrl+C அழுத்தி நிறுத்திவிட்டு, "`!=` போடாதே, `<` போடு" என்பீர்கள். மாற்றியதும் நிரல் நின்றுவிடும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழும். நான் எழுத வந்தது அந்தப் பதிலைப் பற்றித்தான். அது நிரலை நிறுத்துகிறது, பிழையை நீக்குவதில்லை. கண்ணில் பட்ட பிழையைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்திவிடுகிறது.

முதலில் அந்த ஓட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பார்ப்போம். திரையில் வருபவை இவை:

```
0.0
0.1
0.2
0.30000000000000004
0.4
0.5
0.6
0.7
0.7999999999999999
0.8999999999999999
0.9999999999999999
1.0999999999999999
```

பத்தாவது கூட்டலில் 1.0 வந்திருக்க வேண்டும். வந்தது 1.0-க்கு ஒரு மயிரிழை கீழே உள்ள எண். நிரல் கேட்டது "x, 1.0-க்குச் சமமில்லையா?" என்று. உண்மையிலேயே சமமில்லை. எனவே மடக்கு தொடர்கிறது. அடுத்த கூட்டலில் x 1.0-ஐத் தாண்டிவிடுகிறது, அதன்பின் திரும்பி வர வழியே இல்லை.

இதற்குக் காரணம் பத்தில் ஒன்று என்ற எண்ணிலேயே இருக்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடிவில்லாமல் நீளும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். பத்தின் காரணிகள் 2, 5 இரண்டு மட்டுமே. அங்கே 3-க்கு இடமில்லை. இருநிலை எண்முறையின் அடிமானம் 2. அதில் 5-க்கும் இடமில்லை. பத்தில் ஒன்றின் பகுதியிலோ 5 இருக்கிறது. ஆகவே 0.1-ஐ இருநிலையில் எழுதினால் 0.000110011001100... என்று 0011 திரும்பத் திரும்ப வரும், முடியாது. கணினியில் `double` வகை எண்ணுக்கு 53 இருநிலை இலக்கங்கள்தான் உண்டு. அதற்குமேல் வெட்டி, அருகில் உள்ள எண்ணுக்கு முழுமையாக்கியாக வேண்டும். நாம் 0.1 என்று தட்டச்சு செய்யும்போது நினைவகத்தில் உட்காரும் எண்ணின் முழு வடிவம் இது:

```
0.1000000000000000055511151231257827021181583404541015625
```

பத்தில் ஒன்றைவிட இது துளி அதிகம். பைத்தானில் `decimal` தொகுதியை இறக்கி `Decimal(0.1)` என்று கேட்டால் இதே நீண்ட எண் திரையில் வரும். வகுப்பில் ஒரு முறை செய்து காட்டுங்கள். அரை நிமிட வேலை.

இந்த இடத்தில் கூர்மையான ஒரு மாணவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அதற்கு விடை சொல்லத் தயாராக இருக்க வேண்டும். "0.1 உண்மை மதிப்பைவிட அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் பத்து முறை கூட்டினால் 1-ஐவிட அதிகமாக அல்லவா வர வேண்டும்? ஏன் குறைவாக வந்தது?"

சரியான கேள்வி. 0.1-இன் தொடக்கப் பிழை மட்டுமே காரணமாக இருந்தால் அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கூட்டலின் விடையும் மறுபடி 53 இலக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரு முழுமையாக்கல் நடக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக, அருகருகே உள்ள இரண்டு `double` எண்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரிதாகிறது. 0.5-ஐத் தாண்டியதும் அந்த இடைவெளி, 0.25-க்கும் 0.5-க்கும் நடுவில் இருந்ததைப்போல் இரு மடங்கு. இப்போது நம் ஓட்டத்தைத் தொடர்ந்து பாருங்கள். மூன்றாவது கூட்டலில் விடை இரண்டு எண்களுக்கு நட்டநடுவில் விழுகிறது. விதிப்படி மேலே உள்ளது தேர்வாகிறது, 0.30000000000000004 வருகிறது. நான்காவதும் நட்டநடு, இம்முறை கீழே உள்ளது தேர்வாகி 0.4 ஆகிறது. ஐந்தாவதில் மிகச் சரியாக 0.5. அதன்பிறகு வரும் ஐந்து கூட்டல்களிலும் முழுமையாக்கல் கீழ்நோக்கியே நடக்கிறது. ஒவ்வொரு முறையும் இழப்பது, 0.1-இல் இருந்த துளி அதிகத்தைவிடப் பெரியது. முடிவில் 1.0-க்கு நேர் கீழே உள்ள `double` எண்ணில் வந்து நிற்கிறோம். 1-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 2-இன் 53-ஆம் அடுக்கில் ஒரு பங்கு.

பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தொடக்க எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். இதே மடக்கை சி மொழியில் `float` வகையில் எழுதி, ஒவ்வொரு முறையும் `0.1f` கூட்டினால், பத்தாவது கூட்டலில் 1.0000001 வரும். இம்முறை 1-க்கு மேலே. இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முடிவில்லா மடக்கு என்கிறோமே, x உண்மையிலேயே முடிவில்லாமல் வளர்கிறதா? வளராது. x பெரிதாக ஆக, அடுத்தடுத்த எண்களின் இடைவெளியும் கூடுகிறது என்றேன். `double` வகையில் x 1125899906842624-ஐ, அதாவது 2-இன் 50-ஆம் அடுக்கை எட்டும்போது அந்த இடைவெளி 0.25 ஆகிவிடுகிறது. அதில் பாதி 0.125. நாம் கூட்டுவது 0.1, பாதிக்கும் குறைவு. முழுமையாக்கியதும் பழைய எண்ணே திரும்ப வருகிறது. அதன்பின் எத்தனை முறை கூட்டினாலும் x நகராது, மடக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 10 கோடி சுற்று ஓடும் கணினியிலும் அந்த இடத்தை அடைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் யாரும் இதைப் பார்ப்பதில்லை. `float` வகையில் இதே தேக்கம் 2-இன் 21-ஆம் அடுக்கிலேயே வந்துவிடுகிறது. அதை லேபில் ஒரு நொடிக்குள் காட்டலாம்:

```c
float x = 0.0f;
for (long n = 0; n < 30000000; n++)
    x = x + 0.1f;
printf("%f\n", x);
```

3 கோடி முறை 0.1 கூட்டினால் 30 லட்சம் வர வேண்டும். இன்றைய வழக்கமான கணினிகளில் திரையில் வருவது 2097152.000000. சுமார் 1.8 கோடிச் சுற்றுகளில் அங்கே போய்ச் சேர்ந்து, மீதிச் சுற்றுகள் முழுக்க அது அசையாமல் நின்றிருக்கிறது. கூட்டல் நடந்தும் எண் மாறாமல் இருப்பதைக் கண்ணால் கண்ட மாணவருக்கு, மிதப்புப் புள்ளி எண் என்பது கணக்கு வகுப்பில் படித்த மெய்யெண் ஆகாது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி, "`<` போடு" என்ற பதிலுக்கு வருகிறேன். அச்சிடும் மடக்கில் அதன் கெடுதல் அவ்வளவாகத் தெரியாது. 0.9999999999999999 என்று ஒரு வரி கூடுதலாக வரும். அதுவும் பைத்தானில்தான் இப்படித் தெரியும். சி++ மொழியில் `cout` ஆறு இலக்கத்துக்கு முழுமையாக்கி `1` என்று அச்சிட்டுவிடும், `printf("%f")` என்றால் `1.000000`. x 1-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை மட்டுமே ஓட வேண்டிய மடக்கு, 1 என்று அச்சிட்டுவிட்டு நிற்கிறது. இதைக் கவனிக்கும் மாணவர் குழம்புவார், கவனிக்காதவர் கடந்துவிடுவார்.

அச்சிடுவதை விட்டுக் கணக்கிடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். x² என்ற வளைகோட்டின் கீழ், 0 முதல் 1 வரை உள்ள பரப்பளவைப் பத்துப் பட்டைகளாக வெட்டிக் கூட்டும் பயிற்சி, பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடல் படிக்கும் மாணவருக்குப் பழக்கமானது. ஒவ்வொரு பட்டைக்கும் அதன் இடது ஓர உயரத்தை எடுத்துக்கொள்கிறோம்:

```python
x = 0.0
total = 0.0
while x < 1.0:
    total = total + x * x * 0.1
    x = x + 0.1
print(total)
```

கையால் போட்டால் 0, 0.1, 0.2 என்று 0.9 வரை பத்து உயரங்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி 0.1-ஆல் பெருக்கினால் 0.285. இந்த நிரல் தருவது ஏறத்தாழ 0.385. எங்கிருந்து வந்தது இந்த 0.1? பத்துச் சுற்று முடிந்ததும் x 1.0 ஆக இல்லை, 0.9999999999999999 ஆக இருக்கிறது. அது 1.0-ஐவிடக் குறைவு, எனவே மடக்கு பதினோராவது முறையும் ஓடுகிறது. எல்லைக்கு வெளியே, 1-இலிருந்து 1.1 வரை, ஒரு முழுப் பட்டையைச் சேர்த்துவிடுகிறது. x-இல் இருந்த பிழை பதினாறாவது தசம இடத்தில். விடையில் வந்த பிழையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிதப்புப் புள்ளிப் பிழை என்றாலே "மிகச் சிறியது, பொருட்படுத்த வேண்டாம்" என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எண்ணின் மதிப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ஆனால் மடக்கின் நிபந்தனை அந்த எண்ணை "ஆம், இல்லை" என்ற கேள்வியாக மாற்றுகிறது. அங்கே சிறிய பிழை என்று ஒன்று கிடையாது. ஒரு சுற்று ஓடும், அல்லது ஓடாது. `!=` போட்டிருந்தால் நிரல் நிற்காமல் ஓடித் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும். `<` போட்டதால் ஒழுங்காக நின்று, தவறான விடையை நம் கையில் கொடுத்துவிட்டது.

முன்பு சொன்ன விபரீதம் இங்கேதான் வருகிறது. இதே பரப்பளவு நிரலை சி மொழியில் `float` வகையில், `0.1f` கொண்டு எழுதினால், பத்தாவது கூட்டலில் 1.0000001 வந்து மடக்கு பத்துச் சுற்றிலேயே நின்றுவிடும், விடை 0.285 என்று சரியாக வரும். பிறகு யாரோ ஒருவர் துல்லியம் கூடட்டும் என்று `float`-ஐ `double` ஆகவும் `0.1f`-ஐ `0.1` ஆகவும் மாற்றுகிறார். விடை 0.385 ஆகிவிடுகிறது. துல்லியமான வகைக்கு மாறியதும் விடை கெட்டுப்போனால், பழியைக் கணினி மேலோ கம்பைலர் மேலோ போடத் தோன்றும். உண்மையில் முதல் நிரலும் சரியாக எழுதப்பட்டதில்லை, முழுமையாக்கல் தற்செயலாக அதற்குச் சாதகமாக அமைந்திருந்தது, அவ்வளவே. `<=` போட்டாலும் இந்தத் தற்செயல் தொடரும்: 0 முதல் 1 வரை பதினொரு புள்ளிகள் வேண்டுமென்றால், `double` வகையில் பதினொன்றும் வரும், `float` வகையில் கடைசிப் புள்ளி விடுபட்டுப் பத்துதான் வரும்.

நம்மில் சிலர் இதைவிட ஒரு படி மேலே போய், "சமமா என்று கேட்காதே, வித்தியாசம் 0.000000001-ஐவிடக் குறைவா என்று கேள்" என்று கற்பிக்கிறோம். இரண்டு கணக்கீட்டு முடிவுகளை ஒப்பிடும் வேறு இடங்களில் இது நல்ல அறிவுரை. மடக்கின் எண்ணிக்கைக்கு இது பொருந்தாது. அந்த இடைவெளியை எவ்வளவு என்று வைப்பது? பத்துச் சுற்றுக்குப் போதுமானது பெரிய மடக்குக்குப் போதாது, ஏனென்றால் கூட்டக் கூட்டப் பிழை சேர்கிறது. `double` வகையில் 0.1-ஐ 10 லட்சம் முறை கூட்டினால் வருவது 100000.00000133288. ஒரு லட்சத்தைவிட அதிகம். நாம் வைத்த இடைவெளியை எப்போதோ தாண்டிவிட்டது. 1 கோடி முறை கூட்டினால் 999999.9998389754. இப்போது பத்து லட்சத்தைவிடக் குறைவு! பிழை நூறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது, பக்கமும் மாறியிருக்கிறது. இதற்கெல்லாம் ஈடுகொடுக்க இடைவெளியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது படியின் அளவையே நெருங்கி, முந்தைய சுற்றையே கடைசிச் சுற்று என்று எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சரியான வழி எது? எண்ணுவதை முழு எண்ணிடம் விடுங்கள். அளவை ஒவ்வொரு சுற்றிலும் அந்த முழு எண்ணிலிருந்து புதிதாகக் கணக்கிடுங்கள்.

```python
total = 0.0
for i in range(10):
    x = i / 10
    total = total + x * x * 0.1
```

ஒரு சட்டத்தில் பத்து இடங்களில் துளை போட வேண்டிய தச்சர், ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு என்று தாவித் தாவி அளக்கமாட்டார். டேப்பை ஒரு முனையில் வைத்து, எல்லா இடங்களையும் அந்த முனையிலிருந்தே குறிப்பார். ஒரு குறியில் நேர்ந்த பிசகு அடுத்த குறிக்குப் போகாது. இந்த நிரல் செய்வதும் அதுவே. `i` எத்தனை சுற்று என்பதை ஐயமின்றிச் சொல்கிறது, முழு எண்ணில் முழுமையாக்கல் இல்லை. `i / 10` ஒரே ஒரு வகுத்தல், ஒரே ஒரு முழுமையாக்கல். கிடைப்பது உண்மையான மதிப்புக்கு மிக அருகில் உள்ள `double` எண். `i` 10 ஆகும்போது மிகச் சரியாக 1.0 வரும்.

இங்கே இரண்டு சிறு எச்சரிக்கைகள். சி++ வகுப்பில் `i / 10` என்று எழுதினால் முழு எண் வகுத்தல் நடந்து எல்லாச் சுற்றிலும் 0 வரும். `i / 10.0` என்று எழுத வேண்டும். இரண்டாவது, `i * 0.1` என்று பெருக்குவதைவிட 10-ஆல் வகுப்பதே மேல். பைத்தானில் `3 * 0.1` கொடுத்தால் 0.30000000000000004 வரும், `3 / 10` கொடுத்தால் 0.3. பெருக்கும்போது 0.1-இல் ஏற்கெனவே இருக்கும் பிழையும் மூன்று மடங்காகிறது. வகுக்கும்போது 3, 10 இரண்டுமே பிழையற்ற முழு எண்கள்.

இந்த வேறுபாடு நுணுக்கம் பார்ப்பவர்களின் பிடிவாதம் என்று தோன்றினால், நீங்கள் வகுப்பில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறேன். 1991 பிப்ரவரி 25-ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். 0.1 கூட்டும் மடக்குக்கு உதாரணமாக இதைச் சொல்வதுண்டு. உண்மையில் அங்கே கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக முழு எண்ணில்தான் எண்ணியது. எண்ணிக்கையில் பிழை இல்லை. அதை நொடிகளாக மாற்ற 0.1-ஆல் பெருக்கினார்கள். அந்த 0.1 இருந்தது 24 இருநிலை இலக்கப் பதிவகத்தில், மீதி இலக்கங்கள் வெட்டப்பட்ட நிலையில். பத்தில் ஒன்றைவிட அது சுமார் 0.000000095 குறைவு. அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தது. 100 மணி நேரத்தில் 36 லட்சம் பத்தில்-ஒரு-நொடிகள். பெருக்கிப் பாருங்கள்: 0.34 நொடி. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஏவுகணையை எங்கே தேடுவது என்ற கணக்கில் அது அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான பிசகு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அதன் தணிக்கை அலுவலகம் 1992-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. முழு எண்ணில் எண்ணுவது பாதிப் பாடம், எண்ணியதை எப்படி அளவாக மாற்றுகிறோம் என்பது மீதிப் பாடம். இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

தொடக்கமும் முடிவும் வேறு எண்களாக இருந்தால், `a`-யிலிருந்து `b` வரை `n` படிகள் என்று கொண்டு, `x = a + (b - a) * i / n` என்று எழுதலாம். இதில் கடைசிப் புள்ளி மிகச் சரியாக `b` ஆகவே வர வேண்டிய தேவை இருந்தால், `i` `n` ஆகும்போது `b`-யை நேரடியாக இட்டுவிடுங்கள். நம்பை தொகுதியின் `linspace` அப்படித்தான் செய்கிறது. அதே தொகுதியின் `arange`-இல் பின்னப் படி கொடுத்தால் நம் பழைய சிக்கல் திரும்பிவிடும்: `np.arange(1, 1.3, 0.1)` முடிவு எண்ணைத் தவிர்க்க வேண்டியது, ஆனால் 1.3-ஐயும் சேர்த்து நான்கு எண்களைத் தரும். பின்னப் படிக்கு `linspace` பயன்படுத்தச் சொல்லி அதன் ஆவணமே அறிவுறுத்துகிறது.

சில படிகளில் இந்தச் சிக்கல் தலைகாட்டாது என்பதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். 0.5, 0.25, 0.125 ஆகியவை 2-இன் அடுக்குகளால் ஆன பின்னங்கள், இருநிலையில் மிகச் சரியாக எழுத முடிபவை. அவற்றைப் படியாக வைத்து 0-விலிருந்து 1 வரை ஓடும் மடக்கு `!=` போட்டாலும் சரியாக நிற்கும். ஆபத்தும் அங்கேதான். 0.25-இல் சோதித்துப் பார்த்து "சரியாக ஓடுகிறது" என்று நம்பிய மாணவர், படியை 0.1 ஆக்கிய அன்று மாட்டிக்கொள்வார். சோதிக்கும்போது 0.1, 0.2, 0.7 போன்ற படிகளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிரலாக்க மொழிகளை வகுத்தவர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டார்கள். ஃபோர்ட்ரான் 77-இல் மடக்கின் மாறி மெய்யெண்ணாக இருக்கலாம் என்று விதி இருந்தது. ஃபோர்ட்ரான் 90 அதைக் கைவிடப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது, ஃபோர்ட்ரான் 95 அடியோடு நீக்கியது. பைத்தானின் `range`-க்கு 0.1 கொடுத்தால் அது மறுத்துவிடும். சி மொழிக்கான செர்ட் பாதுகாப்பு நெறிகளில் `FLP30-C` என்ற விதி, மடக்கின் எண்ணியாக மிதப்புப் புள்ளி மாறியைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. வாகனங்களின் மென்பொருளுக்காகத் தொடங்கப்பட்ட மிஸ்ரா சி விதிகளில், 2012 பதிப்பின் 14.1-ஆம் விதியும் அதையே சொல்கிறது. சி, சி++ கம்பைலர்களோ இன்றும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே மாணவர்களை எச்சரிக்கும் பொறுப்பு உங்களிடமே வருகிறது.

என் வேண்டுகோள் மூன்று.

மடக்குகள் நடத்தும் வாரத்தில் ஒரே ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். நிற்காமல் ஓடும் நிரலை மாணவர்களே எழுதட்டும், ஓட்டட்டும். பிறகு சி++ வகுப்பில் `printf("%.17g\n", x)` என்று பதினேழு இலக்கங்களுடன் அச்சிடச் செய்யுங்கள். `double` எண் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அத்தனை இலக்கங்கள் போதும். 1 என்று தெரிந்தது 0.99999999999999989 என்று மாறுவதை அவர்கள் கண்ணால் காணட்டும்.

இரண்டாவதாக, பரப்பளவு நிரலைக் கொடுத்து, விடை ஏன் 0.285 ஆக இல்லாமல் 0.385 ஆக வந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மடக்குக்குள் சுற்று எண்ணிக்கையை எண்ணும் ஒரு முழு எண் மாறியைச் சேர்க்கச் சொன்னால் போதும். இறுதியில் அது 11 என்று காட்டும்போது பிழை தானே வெளிப்படும். வேலைக்குப் போன பிறகும் இந்த வகைப் பிழையைப் பிடிக்க அதுதான் முதல் கருவி: எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, எத்தனை ஓடியது என்று எண்ணி, இரண்டையும் ஒப்பிடுவது.

மூன்றாவது, மதிப்பெண். `x += 0.1` என்று எண்ணி, `<` போட்டு நிறுத்தும் விடைக்கு, திரையில் வந்த எண்கள் சரிபோலத் தெரிந்தாலும், முழு மதிப்பெண் தராதீர்கள். அருகில் `i / 10.0` என்று எழுதிக் காட்டி ஒரு மதிப்பெண் குறையுங்கள். அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்டு வரும் மாணவரிடம் சொல்வதற்குத் தேவையான காரணங்களை இந்த மடலில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
எண்கணிப்பு மென்பொருள் எழுதும் ஒருவன்